பில்லும் ஆர்டரும்: நூல் வியாபாரிக்கு எழுதிய ஒரு கடிதம் பற்றி

சங்கங்களுக்கு நூலும் சாயமும் விதையும் சாக்கும் அனுப்பும் வியாபாரிகள், ஆர்டரில் கண்டதற்கு மேலாகப் பில் போட்டு அனுப்புவது புதிய செய்தியன்று. அத்தகைய பில் வந்தபோது நம் சங்கங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. முணுமுணுத்துக்கொண்டே முழுத் தொகையையும் கட்டிவிடுகின்றன. அல்லது சினம் மிகுந்த கடிதம் ஒன்றை எழுதிவிட்டுப் பணத்தை நிறுத்தி வைக்கின்றன. இவ்விரண்டுமே சங்கத்துக்கு நட்டம் தருபவை என்பது நம் அபிப்பிராயம். மூன்றாவது வழி ஒன்று உண்டு. இரு தரப்பார் கையிலும் உள்ள ஆர்டரையும் பில்லையும் அருகருகே வைத்து, அவ்விரு தாள்களும் சொல்வதை மட்டும், ஒரு ரூபாய் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவதே அது. எளிதாகத் தோன்றும் இக்காரியம் நடைமுறையில் எங்கே வழுக்குகிறது என்பதைக் காட்ட, நெசவாளர் சங்கம் ஒன்றின் தாள்களையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். சங்கத்தின் பெயரும் வியாபாரியின் பெயரும் இங்கு வேண்டியதில்லை.

அச்சங்கம் 4-6-2025 அன்று 17-ம் எண் ஆர்டரை அனுப்பியது. 40-ம் நம்பர் கோம்டு பருத்திச் சிட்டா நூல், கட்டு ஒன்றுக்கு 5 கிலோ வீதம் 60 கட்டுகள், ஆக 300 கிலோ; கிலோ விலை ரூ. 320, சங்கத்தின் கிடங்கு வரை லாரிக் கூலி விலையில் அடக்கம், சரக்கு மற்றும் சேவை வரி தனி, சரக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களில் பணம் என்பன அதில் கண்ட நிபந்தனைகள். சரக்கு 14-ம் தேதி வந்து சேர்ந்தது. உடன் வந்த 482-ம் எண் பில்லோ வேறு விதமாகப் பேசிற்று. நூல் 300 கிலோவுக்குக் கிலோ ரூ. 326 வீதம் ரூ. 97,800, லாரிக் கூலி ரூ. 1,800, பேக்கிங் செலவு ரூ. 500, நூலுக்கு 5 சதவிகித வரி ரூ. 4,890, கூலிக்கும் பேக்கிங்குக்கும் சேர்த்து 18 சதவிகித வரி ரூ. 414, ஆக மொத்தம் ரூ. 1,05,404.

ஆர்டரின்படி கணக்கிட்டால் நூலின் கிரயம் ரூ. 96,000, வரி ரூ. 4,800, மொத்தம் ரூ. 1,00,800. பில்லுக்கும் இதற்கும் வித்தியாசம் ரூ. 4,604. ஒரு லட்சத்தில் இது என்ன பெரிய தொகை என்று கேட்பவர் உண்டு. 300 கிலோவுக்குப் பிரித்துப் பார்த்தால் கிலோ ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் வருகிறது. புடவையின் அடக்க விலையை நூல் விலையிலிருந்துதான் தொடங்குகிறோம். சந்தையில் புடவையின் விலையை உயர்த்த இயலாதபோது, கூடிப்போன நூல் விலைக்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டியது எது என்பதைத் தறியில் அமர்ந்திருப்பவர் அறிவார்.

சங்கத்தின் காரியதரிசி வாளாவிருக்கவில்லை. 16-ம் தேதியே கடிதம் எழுதினார். தங்கள் பில் அநியாயமானது, சுமார் ஐயாயிரம் ரூபாய் அதிகமாகப் போடப்பட்டுள்ளது, கேளாத பேக்கிங் செலவுக்கெல்லாம் பணம் கேட்கிறீர்கள், எடையும் குறைகிறது, பில்லைத் திருத்தி அனுப்பும் வரை ஒரு காசும் அனுப்ப இயலாது என்பது அதன் சாரம். இரண்டு நாளில் பதில் வந்தது. பேக்கிங் செலவு வாங்குவது தொழில் வழக்கம், பல ஆண்டுகளாக எல்லாச் சங்கங்களும் கொடுத்து வருகின்றன, ஆகவே முழுத் தொகையையும் தாமதமின்றி அனுப்பவும் என்று அதில் கண்டிருந்தது. விலை வித்தியாசத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. லாரிக் கூலியைப் பற்றியும் இல்லை.

இந்தப் பதிலைக் கண்டு காரியதரிசி வியப்படைந்ததாகக் கூறினார். நமக்கு வியப்பில்லை. பல குறைகளை ஒரே மூச்சில் கொட்டும் கடிதத்தைப் பெறுபவர், அவற்றுள் மிகவும் வலுக்குறைந்தது எதுவோ அதற்கே பதில் சொல்வார்; சொல்லிவிட்டு, முழுக் கடிதத்துக்கும் பதில் சொல்லியாயிற்று என்று இருந்துவிடுவார். இக்கடிதத்தில் வலுக்குறைந்தது பேக்கிங். ஏனெனில் ஆர்டரில் லாரிக் கூலி அடக்கம் என்று எழுதியிருந்ததே தவிர, பேக்கிங்கைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை. ஆர்டர் பேசாத இடத்தில் வியாபாரி 'வழக்கம்' என்று பேசுவதற்கு இடமிருக்கிறது. 'சுமார் ஐயாயிரம்' என்ற சொல்லும் அவருக்கே துணை செய்தது. தாள்கள் ரூ. 4,604 என்று காட்டும்போது சுமார் ஐயாயிரம் என்று எழுதுபவர், கணக்குப் பார்க்காமல் பேசுகிறார் என்ற எண்ணத்தைத் தாமே உண்டாக்கிவிடுகிறார்.

எடையைப் பற்றிய வாசகம் இன்னும் மோசம். சங்கத்தின் தராசில் 60 கட்டுகளும் சேர்ந்து 297.6 கிலோ இருந்தன, 2.4 கிலோ குறைவு. ஆனால் பருத்தி நூல் காற்றின் ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும் பொருள். முற்றிலும் உலர்ந்த நூல் 100 பங்குக்கு 8.5 பங்கு ஈரம் என்பது பருத்தி நூல் வாணிபத்தில் ஒப்புக்கொண்ட அளவு. அந்த 8.5 வறண்ட காற்றில் 7.6 ஆக இறங்கினாலே 300 கிலோ, 297.5 கிலோவாகிவிடும். ஒரு சிட்டாவும் குறையாமல், யாரும் திருடாமல் இக்குறைவு நேரக்கூடும். உண்மையிலேயே குறைவுதானா என்று அறிய நூலை அடுப்பில் உலர்த்தி நிறுத்துப் பார்க்கும் சோதனை வேண்டும். ஆர்டரும் பில்லும் இதற்குச் சாட்சி சொல்லமாட்டா. சாட்சியில்லாத குற்றச்சாட்டைச் சாட்சியுள்ள குற்றச்சாட்டுகளின் பக்கத்தில் வைத்தால், சாட்சியுள்ளவற்றின் மதிப்பும் கெடுகிறது. எடையில் ஐயம் இருந்தால் சோதனைச் சீட்டுடன் தனிக் கடிதம் எழுதுவதே முறை.

இங்கு ஒரு சிறு விலகல். தாள்களை ஒப்பிடுவோர் முதலில் விலையைப் பார்க்கக் கூடாது, அலகைப் பார்க்க வேண்டும். நூல் கட்டு என்பது ஒரு காலத்தில் 10 ராத்தல், அதாவது ஏறக்குறைய 4.54 கிலோ. 5 கிலோக் கட்டு பின்னால் வந்தது. ஆர்டரில் வெறுமே '60 கட்டு' என்று எழுதிவிட்டு, பில் கிலோக் கணக்கில் வந்தால், எது சரி என்று எவர் சொல்வது? விவசாய சங்கங்களில் சாக்கு வாங்குவோர், ஆர்டரில் நூறு சாக்குக்கு விலை எழுதி, 500 சாக்குகள் கொண்ட பேலுக்குப் பில் வாங்கித் திகைப்பதும் இவ்வகையே. நாம் எடுத்துக்கொண்ட சங்கம் கட்டின் எடையையும் ஆர்டரில் எழுதியிருந்தது. அந்த அளவில் அதைப் பாராட்டவே வேண்டும்.

இனி, இரண்டாவது கடிதத்துக்கு வருவோம். நிர்வாகக் குழு கூடி, பில்லின் வரிகளை ஒவ்வொன்றாக ஆர்டருடன் ஒத்துப் பார்த்தது. பில்லின் ஒவ்வொரு வரிக்கும் ஆர்டர் என்ன சொல்கிறது என்று கேட்டால் விடைகள் மூன்று வகையில்தான் அடங்கும். ஆர்டர் அதையே சொல்கிறது. ஆர்டர் வேறு சொல்கிறது. ஆர்டர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிக்கை, நூல் நம்பர் ஆகியவை முதல் வகை. கிலோ விலையும் லாரிக் கூலியும் இரண்டாம் வகை. பேக்கிங் மூன்றாம் வகை. இரண்டாம் வகைக்கு மட்டுமே 'தவறு' என்ற சொல்லைப் பயன்படுத்துவது என்று குழு தீர்மானித்தது.

வரி மட்டும் இவற்றில் சேராது. அதைத் தீர்மானிப்பது ஆர்டருமன்று, பில்லுமன்று, சட்டம். பருத்தி நூலுக்கு வரி 5 சதவிகிதம். சரக்கை விற்பவரே பேக்கிங்குக்கும் வண்டிக்கும் சேர்த்துப் பில் போடும்போது, அச்செலவுகள் சரக்கின் மதிப்பில் அடங்கியவை என்று 2017-ம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 15-வது பிரிவு கூறுகிறது. ஆகவே சரக்குக்கு என்ன விகிதமோ அதுவே அவற்றுக்கும். நூலுக்கு 5, நூலைச் சுற்றிய சாக்குக்கு 18 என்று போடுவது பொருந்தாது. பில் எழுதும் குமாஸ்தாக்கள் 'செலவு' என்ற தலைப்பில் எது வந்தாலும் 18 என்று எழுதிவிடுவதை நாம் பல பில்களில் கண்டிருக்கிறோம். அது சூதன்று, பழக்கம். ஆயினும் பணம் சங்கத்தினுடையது.

குழு ஒப்புக்கொண்டு 21-6-2025 அன்று அனுப்பிய கடிதம் வருமாறு:

'பொருள்: தங்கள் பில் எண் 482 (12-6-2025), எங்கள் ஆர்டர் எண் 17 (4-6-2025). வேறுபாடு ரூ. 4,079.

ஐயா,

மேற்கண்ட ஆர்டரின்படி 40-ம் நம்பர் கோம்டு சிட்டா நூல் 60 கட்டுகள் 14-6-2025 அன்று எங்கள் கிடங்கில் வரவு வைக்கப்பட்டன. எண்ணிக்கையும் நம்பரும் ஆர்டரில் கண்டவாறே உள்ளன. எங்கள் 16-6-2025 தேதியக் கடிதத்துக்குப் பதிலாக இக்கடிதத்தைக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஒன்று. ஆர்டரின் இரண்டாவது வரியில் கிலோ விலை ரூ. 320. பில்லில் ரூ. 326. 300 கிலோவுக்கு வித்தியாசம் ரூ. 1,800, அதன் மீதான வரி ரூ. 90, ஆக ரூ. 1,890.

இரண்டு. ஆர்டரின் நான்காவது வரியில் லாரிக் கூலி விலையில் அடக்கம். பில்லில் தனியே ரூ. 1,800, அதன் மீது வரி ரூ. 324, ஆக ரூ. 2,124.

மூன்று. பேக்கிங் செலவு ரூ. 500 குறித்து ஆர்டரில் குறிப்பு இல்லை. தாங்கள் கூறும் வழக்கத்தை ஏற்று இப்பில்லுக்கு மட்டும் இதைச் செலுத்துகிறோம். ஆனால் நூலுக்குரிய 5 சதவிகித வரியே இதற்கும் உரியது. பில்லில் 18 சதவிகிதம் போடப்பட்டுள்ளது. அதிகப்படி ரூ. 65.

ஆக வேறுபாடு ரூ. 4,079. இதில் சரக்கு மதிப்பு ரூ. 3,600, வரி ரூ. 479. இத்தொகைக்கு எங்கள் பெயரில் கிரெடிட் நோட் ஒன்றை, பில் எண் 482-ஐக் குறிப்பிட்டு, 5-7-2025-க்குள் அனுப்புமாறு வேண்டுகிறோம்.

வேறுபாடில்லாத பாக்கித் தொகை ரூ. 1,01,325 ஆர்டரின்படி 14-7-2025-க்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். தங்கள் கணக்கு வேறாக இருப்பின், எந்த வரி என்றும் எந்தத் தாளின்படி என்றும் தெரிவிக்கக் கோருகிறோம்.

ஆர்டர், பில், சரக்கு வரவுப் பதிவேட்டின் பக்கம் ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன.'

இக்கடிதத்தில் 'அநியாயம்' என்ற சொல் இல்லாதது குறித்துக் குழுவில் ஓர் அங்கத்தினர் வருத்தப்பட்டாராம். நமக்கு அந்த வருத்தம் இல்லை. விலை ஏன் 326 ஆயிற்று என்று சங்கத்துக்குத் தெரியாது. வேண்டுமென்றே கூட்டியிருக்கலாம், புது வாரத்து விலையைப் பார்த்துக் குமாஸ்தா எழுதியிருக்கலாம். காரணம் எதுவாயினும் ரூ. 320 என்று ஆர்டர் சொல்வது மாறாது. தெரியாத உள்நோக்கத்தைப் பற்றி எழுதினால் வியாபாரி தம் நாணயத்தைக் காப்பதற்காகப் பதில் எழுதுவார். தெரிந்த வித்தியாசத்தைப் பற்றி எழுதினால் கணக்குக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

விலை ஏறிவிட்டது, ஆகவே 326 தான் என்று வியாபாரி வாதித்தால் என் செய்வது? அவ்வாதத்துக்கு விடை பில்லிலேயே இருந்தது. பில்லின் தலைப்பில் 'தங்கள் ஆர்டர் எண் 17' என்று அச்சாகியிருந்தது. ஆர்டரைப் பெற்று, மறுப்பு ஏதும் எழுதாமல், அதே ஆர்டரின் எண்ணைக் குறித்துச் சரக்கை அனுப்பியவர், ஆர்டரின் நிபந்தனைகளைத் தம் செய்கையாலேயே ஏற்றவராகிறார். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பில்லின் அடியில் 'விலை சரக்கு அனுப்பும் நாளில் உள்ளபடி' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை ஓர் அங்கத்தினர் சுட்டிக் காட்டினார். ஒப்பந்தம் முடிந்து, சரக்கும் புறப்பட்ட பின் வந்த தாளின் அடியில் உள்ள வாசகம், முன்னமே முடிந்த பேரத்தைத் தானே மாற்றிவிடாது. ஆனால் ஒன்று: ஆர்டர் கிடைத்தவுடன் '326 ஆனால் அனுப்புகிறோம்' என்று வியாபாரி எழுதியிருந்து, சங்கம் பேசாமல் சரக்கை எடுத்துக்கொண்டிருந்தால் நிலைமை தலைகீழாகியிருக்கும். ஆகையால் கடிதம் எழுதுமுன் ஆர்டருக்கும் பில்லுக்கும் இடைப்பட்ட நாட்களில் வந்த தபால், தந்த வாக்குறுதி, கைப்பேசிச் செய்தி ஆகியவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவசியம்.

பணத்தை முழுவதும் நிறுத்தாமல், வேறுபாடில்லாத பகுதியைத் தவணைக்குள் கட்டிவிடுவதாக எழுதியது கடிதத்தின் மிகப் பெரிய பலம் என்று கருதுகிறோம். இதைப் பலர் பலவீனம் என எண்ணுவர். பணம் நம் கையில் இருக்கும் வரைதானே வியாபாரி இறங்கி வருவார் என்பர். நாலாயிரத்துக்காக ஒரு லட்சத்தை நிறுத்துபவர், தாமே தவணை தவறியவராகிறார். வியாபாரி குறுந்தொழில் அல்லது சிறு தொழிலாகப் பதிவு பெற்ற நூற்பாலையாக இருப்பின் இதில் ஆபத்து மிகுதி. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, எழுத்தில் எத்தவணை ஒப்புக்கொண்டாலும் அது 45 நாளுக்கு மேற்படக் கூடாது. தவணை தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாக ஏறும். அச்சட்டமே, சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், ஆட்சேபம் நீங்கும் நாளிலிருந்தே தவணை எண்ணப்படும் என்றும் கூறுகிறது. ஆனால் அங்கே பேசப்படுவது சரக்கை ஏற்பது பற்றிய ஆட்சேபம். சரக்கை ஏற்றுக்கொண்டு விலையில் மட்டும் வழக்குரைக்கும் சங்கம் அந்த நிழலில் ஒதுங்கலாம் என்று நம்பியிருக்கக் கூடாது. 15 நாளுக்குள் எழுதுவதும் வேண்டும், ஒப்புக்கொண்ட பணத்தைக் கட்டுவதும் வேண்டும்.

கிரெடிட் நோட் கேட்டது ஏன், புதுப் பில் கேட்டால் ஆகாதா என்று சில சங்கங்கள் கேட்கின்றன. காரியதரிசியின் முதற் கடிதமும் 'பில்லைத் திருத்தி அனுப்பவும்' என்றே கேட்டது. பெரிய வியாபாரிகள் இப்போது பில்லை அரசின் மின்னணுப் பதிவில் ஏற்றிய பின்பே அனுப்புகிறார்கள். அப்பதிவை 24 மணி நேரத்துக்குப் பின் அங்கே ரத்து செய்ய இயலாது. செய்ய முடியாததைக் கேட்டால், முடியாது என்ற பதில் வருவதும் அதனுடன் காரியம் நின்றுவிடுவதும் இயல்பு. பில்லில் மதிப்போ வரியோ மிகுந்துவிட்டால் கிரெடிட் நோட் கொடுப்பதே சட்டத்தின் 34-வது பிரிவு காட்டும் வழி. வியாபாரி தம் வரிக் கணக்கிலும் இதைக் காட்டிக் கட்டிய வரியைக் குறைத்துக்கொள்ளலாம். எனவே அவருக்கும் இதில் நட்டமில்லை. ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. 2025 ஜூன் மாதத்துப் பில்லுக்கு, 2026 நவம்பர் 30-ம் தேதியோ, அவர் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாளோ, எது முந்தியதோ அதற்குள் கிரெடிட் நோட் அவர் கணக்கில் ஏறியாக வேண்டும். அது கடந்தபின் வியாபாரி மனம் இரங்கினாலும், வரிப் பகுதியைத் தம் கையிலிருந்தே தர வேண்டியிருக்கும். தருவாரா என்பது ஐயமே.

வரி அதிகமாய்ப் போட்டால் என்ன, சங்கம் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாமே என்று சொல்லும் கணக்கர்களும் உளர். உரியதற்கு மேல் போட்ட வரியைக் கழித்துக்கொண்டால், பின்னால் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சங்கத்தார்தாம். மேலும், பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் கிரயமும் வரியும் செலுத்தப்படாவிட்டால், செலுத்தாத பகுதிக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். வழக்கை ஆறு மாதம் இழுக்கவிடும் சங்கம் இந்த வலையிலும் சிக்குகிறது. கிரெடிட் நோட் வந்தவுடன் சங்கமும் தன் உள்ளீட்டு வரியில் அந்த ரூ. 479-ஐக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பதை மறத்தல் கூடாது. தணிக்கையாளர் பில்லின் பக்கத்தில் கிரெடிட் நோட்டையும் இக்கடிதத்தின் நகலையும் ஒருங்கே கண்டால், அவர் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மீதி இராது.

பேக்கிங்கை விட்டுக்கொடுத்தது சரியா? ரூ. 525 போயிற்றே என்று அங்கத்தினர் பேரவையில் கேள்வி வரலாம். தாள் துணை நில்லாத ரூ. 525-ஐ விட்டதனால், தாள் துணை நிற்கும் ரூ. 4,079-ஐப் பற்றி மட்டுமே வியாபாரி பேச வேண்டியதாயிற்று. 'இப்பில்லுக்கு மட்டும்' என்ற இரண்டு சொற்களைக் குழு மறவாமல் சேர்த்ததும் நன்று. இல்லையேல் அடுத்த முறை இக்கடிதமே 'வழக்கத்துக்கு'ச் சாட்சியாகியிருக்கும். எனினும், பேக்கிங்கை வாதிட்டே தீர வேண்டும் என்று கருதும் சங்கம், அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, 'ஆர்டரில் இல்லை, எதன் அடிப்படையில் போட்டீர்கள்?' என்று கேள்வியாக எழுதலாம். தவறு என்று முடிவாக எழுதுவதற்குத்தான் இடமில்லை.

ஜூலை 3-ம் தேதியிட்ட கிரெடிட் நோட் ரூ. 4,079-க்கு வந்தது. உடன் கடிதம் ஏதும் இல்லை. சங்கம் ஜூலை 10-ம் தேதி ரூ. 1,01,325-ஐச் செலுத்தியது. அடுத்த ஆர்டரின் மாதிரியில் 'லாரிக் கூலி, பேக்கிங் ஆகிய யாவும் விலையில் அடக்கம்' என்று ஒரு வரி சேர்த்து வியாபாரியிடம் விலை கேட்டார்கள். சந்தை விலை மாறவில்லை என்றும், பேக்கிங் அடக்கமாயின் கிலோ ரூ. 322 என்றும் அவர் தெரிவித்திருக்கிறார். 300 கிலோவுக்கு அந்த இரண்டு ரூபாய் ரூ. 600 ஆகிறது, தனியே போட்டபோது பேக்கிங் ரூ. 500 தான். 321-க்கு இறங்குவாரா என்று கேட்டுக் குழு எழுதியிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.